கத்தரிக்காயைச் சுடத் தீயா, ஓவனா, தோசைக்கல்லா?

சுட்ட கத்தரிக்காய் கொத்சுவோ துவையலோ செய்ய விரும்புகிறவர்களிடமிருந்து ஒரே கேள்வி இரண்டு வடிவங்களில் வருகிறது. புதிதாக ஓடிஜி ஓவன் வாங்கியவர்கள், இனி அடுப்படியில் இடுக்கியோடு நிற்க வேண்டியதில்லை அல்லவா என்று கேட்கிறார்கள். கண்ணாடி அடுப்புக்கு மாறியவர்கள், காயின் சாறு வடிந்து அடுப்பு பாழாகாமல் அதே வாசத்தைப் பெற வழி உண்டா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒற்றைச் சொல்லில் விடை தர முடியவில்லை. கத்தரிக்காய்க்குச் சொல்லும் விடை தக்காளிக்குப் பொருந்துவதில்லை. கொத்சுவுக்குச் சரியாக இருப்பது தயிர்ப் பச்சடிக்குச் சரியாக இருப்பதில்லை. ஆகவே எதைக் கொண்டு அளப்பது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

## எதைக் கொண்டு அளப்பது

புகை வாசம் கேஸிலிருந்து வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். நீலமாக எரியும் கேஸ் தீயில் புகை என்பதே கிடையாது. வாசம் பிறப்பது காயின் தோல் கருகும்போதுதான். தோலில் உள்ள நாரும் சர்க்கரையும் கடும் சூட்டில் சிதைந்து, நாம் ‘சுட்ட வாசம்’ என்று சொல்லும் பொருள்களாக மாறுகின்றன. காயிலிருந்து சொட்டும் சாறு பர்னரில் பட்டுப் பொசுங்கி எழும் புகையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. தோலுக்கு உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. கத்தரிக்காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், அந்தத் தண்ணீர் இருக்கும் வரை சதையின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வெளியே தோல் கருகிக்கொண்டிருக்கும்போது, உள்ளே சதை தன் ஆவியிலேயே வெந்துகொண்டிருக்கிறது.

எனவே காயைச் சுடுவது என்பது இரண்டு வேலைகள்: தோலைக் கருக்குவது ஒன்று, சதையை வேகவைப்பது மற்றொன்று. விறகடுப்புக் காலத்தில் சமையல் முடிந்த பிறகு தணலிலும் சூடான சாம்பலிலும் காயைப் புதைத்துவிட்டுப் போனவர்களுக்கு இரண்டு வேலைகளும் ஒன்றாக நடந்தன. தணல் தோலைக் கருக்கியது, சாம்பலின் மெல்லிய சூடு சதையை வேகவைத்தது, விறகின் புகையும் உபரியாகக் கிடைத்தது. இன்றைய சமையலறையில் அந்த இரண்டு வேலைகளும் பிரிந்துவிட்டன. கேஸ் தீ கருக்குவதில் வல்லது, வேகவைப்பதில் அவசரக்காரன். ஓவன் நன்றாக வேகவைக்கும், ஆனால் கருக்கத் தயங்கும். நம்முடைய தயக்கம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

இதை மனத்தில் கொண்டால் அளவுகோல்கள் தாமாகவே அமைகின்றன. சதைக்குள் புகை வாசம் எவ்வளவு இறங்குகிறது, காம்புப் பகுதி வரை காய் சீராக வேகிறதா, சதையில் எவ்வளவு நீர் தங்குகிறது, எவ்வளவு நேரம் அருகில் நிற்க வேண்டும், பிறகு எவ்வளவு துடைக்க வேண்டும் என்ற ஐந்தும் போதும். எரிபொருள் செலவை நான் ஆறாவதாகச் சேர்க்கவில்லை. அதற்கான காரணத்தைக் கணக்கோடு பின்னர் தருகிறேன்.

## நேரடித் தீ

சுடுவதற்கு ஏற்றது 350 முதல் 450 கிராம் வரை எடையுள்ள, ஊதா நிறப் பெரிய காய். உருவத்துக்கு எடை குறைவாக, தோல் பளபளப்பாக இருந்தால் விதை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய் போன்ற சிறு காய்கள் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குச் சிறந்தவை. அவற்றைத் தீயில் காட்டினால் தோல் கருகி முடிவதற்குள் சதையும் வற்றிவிடும், உரிக்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

காயைக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது ஆவியாகும் வரை தோல் கருகாது. காம்பை வெட்டக்கூடாது, காயைத் திருப்பப் பிடி அதுதான். பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் போட்டு, விரலால் சற்றே விரித்துப் பார்த்தால் உள்ளே புழு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காய் ஆவி அடைத்து வெடிக்காமலும் அதே கீறல் காக்கும். ஒன்றிரண்டு கீறல்களுக்கு மேல் போட்டால் சாறு முழுவதும் பர்னரில்தான் இறங்கும். தோலில் எண்ணெய் தடவும் வழக்கம் பலரிடம் உண்டு. தீயில் சுடும்போது அது தேவையில்லை என்பது என் எண்ணம். எண்ணெய் சொட்டித் தீ குபீரென்று எழும், மசிவாசம் ஒன்று காயில் படியும், அதைப் பலர் புகை வாசம் என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பர்னரின் மேல் நேராகவோ, கம்பி வலை வைத்தோ, மிதமான தீயில் காயைப் படுக்க வைத்து, இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்ப வேண்டும். நான்கு பக்கமும் முடிந்த பிறகு, இடுக்கியால் பிடித்துக் காம்புப் பக்கத்தைத் தீயில் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் கட்டம் இதுதான். காம்பை ஒட்டிய சதைதான் கடைசியில் வேகும். வெளியே முழுவதும் கருத்த காயில்கூட அந்த இடம் வெள்ளையாக, பஞ்சுபோல் நின்றுவிடும். கத்தி முனையை அங்கே நுழைத்துப் பார்த்தால் தடையில்லாமல் இறங்க வேண்டும். 450 கிராம் காய்க்கு மொத்தம் 15 நிமிடங்கள் ஆகும். தீயைக் கூட்டினால் 8 நிமிடங்களில் கறுத்துவிடும். அப்படிக் கறுத்த காயை உரித்தால் உள்ளே பாதி பச்சையாக இருக்கும், தின்றால் தொண்டையில் அரிக்கும்.

சுட்ட பிறகு செய்யும் செயல்தான் வாசத்தை முடிவு செய்கிறது. காயைத் தோலோடு ஒரு பாத்திரத்தில் போட்டு 10 நிமிடம் மூடி வைக்க வேண்டும். கருகிய தோலின் வாசம் சதைக்குள் இறங்குவது அந்த நேரத்தில்தான், தோல் கழன்று வருவதும் அப்போதுதான். அரைமணி நேரம் மறந்துவிட்டால் கருகலின் கசப்பும் உடன் இறங்கிவிடும். உரிக்கும்போது காயைக் குழாயடியில் காட்டிக் கழுவுகிறவர்கள் 15 நிமிட உழைப்பையும் கழுவிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, விரலை நனைத்து நனைத்துத் தோலை வழித்தால் போதும். இரண்டொரு கறுப்புத் துணுக்குகள் தங்குவதில் தவறில்லை. கருகிய தோல் முழுவதையும் சேர்த்து அரைப்பதுதான் கசப்புக்கும் உடல்நலக் கவலைக்கும் இடம் தரும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பர்னரில் இருக்கிறது. சொட்டிய சாறு பர்னரின் துளைகளில் கெட்டியாகி, அடுத்த நாள் தீ ஒரு பக்கம் மட்டும் எரியும், அல்லது மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும். அடுப்பு ஆறிய உடனே பர்னர் தலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, அடைத்த துளைகளைக் குண்டூசியால் குத்திவிட்டால் ஐந்து நிமிட வேலை. இரண்டு நாள் விட்டால் அரைமணி வேலை. பர்னரைச் சுற்றி அலுமினியத் தாளை இறுக்கமாகப் போர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்னருக்கு வர வேண்டிய காற்றை அது அடைத்தால் கேஸ் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். துடைக்கும் வேலையை மிச்சப்படுத்த அந்த வழியை நாடக்கூடாது. கம்பி வலை வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும்: எஃகு அல்லது இரும்பு வலை நல்லது. துத்தநாகப் பூச்சுள்ள பளபளப்பான வலை கேஸ் தீயின் சூட்டுக்கு ஏற்றதன்று. அந்தப் பூச்சு உருகிப் புகையாகும்.

## ஓவன்

ஓவனில் காயை வைக்கும் முன் கத்தியாலோ முள்கரண்டியாலோ ஆறேழு இடங்களில் குத்துவது கட்டாயம். குத்தாத காய் உள்ளே ஆவி சேர்ந்து வெடித்தால், ஓவனின் உட்சுவர் முழுவதும் வழிக்க வேண்டியிருக்கும். இங்கே எண்ணெய் தேவைப்படுகிறது; ஒரு காய்க்கு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவினால் தோல் காய்ந்து சதையோடு ஒட்டிக்கொள்ளாது. 230 டிகிரியில் 10 நிமிடம் முன்சூடு, பிறகு 45 முதல் 50 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்புதல்: இவ்வளவுதான் வேலை. காய் காற்றுப்போன பலூன்போல் அமுங்கியிருந்தால் வெந்துவிட்டது.

வேகும் விதத்தில் ஓவனைக் குறை சொல்ல இடமில்லை. காம்பு முதல் நுனி வரை சதை ஒரே பதமாக, வெண்ணெய்போல் வரும். நீர் வெகுவாக வற்றியிருப்பதால் இனிப்பும் கூடியிருக்கும். ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்தால் வருவது வெந்த காயின் வாசம். சுட்ட காயின் வாசம் அன்று. 230 டிகிரிக் காற்றில் தோல் சுருங்கிப் பழுப்பேறும், கருகாது. தோல் கருகவில்லையென்றால் வாசத்துக்கு மூலமே இல்லை.

கிரில் கம்பி உள்ள ஓவனில் இதற்கு ஒரு பாதி மாற்று உண்டு. கடைசி 10 நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு, காயை அதற்கு ஆறேழு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், செந்தணல்போல் எரியும் கம்பியின் நேர்ச்சூட்டில் மேல்பக்கத் தோல் கருகும். திருப்பி வைத்தால் மறுபக்கமும் கருகும். தீயில் கிடைக்கும் வாசத்தின் அளவுக்கு வராது என்றாலும், ‘இது சுட்டதா?’ என்று கேட்க முடியாத அளவுக்காவது வந்துவிடும். வெறும் மைக்ரோவேவ் இந்த ஒப்பீட்டுக்குள் வராது; அதில் காய் வேகும், கருகாது.

மறைமுகச் செலவு இங்கே நேரத்தில் இருக்கிறது. அருகில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும். காலையில் பொங்கலுக்குக் கொத்சு என்றால், வீட்டில் மற்றவர்கள் எழும் முன்பே ஓவனைப் போட வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் சமையலறையின் சூடும் கூடும்.

பணச் செலவு பற்றிச் சொல்வதாக முன்பு எழுதினேன். மிதமான தீயில் 15 நிமிடம் எரிந்தால் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் கேஸ் செலவாகும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது இரண்டு ரூபாய்க்குள் முடிகிறது. 1500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரத்தில், இடையிடையே அணைந்து எரிவதால், ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும். யூனிட் ஏழு ரூபாய் என்றால் ஒரு காய்க்கு ஏழு ரூபாய். ஆனால் அதே ஏழு ரூபாயில் ஓவனில் நான்கு காய்கள் வேகும். தீயில் நான்கு காய் சுட எட்டு ரூபாயோடு ஒரு மணி நேர நிற்பும் ஆகும். ஆக, பணம் இங்கே எதையும் முடிவு செய்வதில்லை. எத்தனை காய் என்பதுதான் முடிவு செய்கிறது.

## தோசைக்கல்

தீயும் ஓவனும் வேண்டாம் என்பவர்கள் இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து, முழுக் காயையோ இரண்டாக நறுக்கிய காயையோ மூடி போட்டுச் சுடுகிறார்கள். கல்லில் படும் இடம் மட்டும் கருகும், மூடியின் ஆவியில் மற்ற இடம் வேகும். முழுக் காய்க்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். உருண்டையான காயில் கல்லோடு படும் பரப்பு மிகக் குறைவு என்பதால், வாசம் தீயில் சுட்டதில் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நறுக்கிய காயில் நிலைமை சற்று மேல். ஆனால் அப்போது சதையே நேராகக் கல்லில் பட்டு வறுபடுவதால், சுவை வதக்கலின் பக்கம் சாய்ந்துவிடும். இதற்கு நான்ஸ்டிக் கல்லை எடுக்கவே கூடாது. எண்ணெயில்லாமல் கடும் தீயில் காயும் நான்ஸ்டிக் கல் 260 டிகிரியைத் தாண்டும்போது அதன் பூச்சு சிதையத் தொடங்குகிறது.

கத்தரிக்காயைப் பொறுத்தவரை தோசைக்கல்லை மூன்றாம் இடத்தில்தான் வைப்பேன். இண்டக்ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீட்டில் அதுவே முதலிடம் என்பது வேறு விஷயம்.

## ஒரே கூடைக் காய், மூன்று வழி

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, 450 கிராமுக்கு இரண்டு கிராம் கூடியும் குறைந்தும் இருந்த மூன்று காய்களை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்தேன். முதல் காயைத் தீயில் 16 நிமிடம் சுட்டேன். இரண்டாவதை ஓவனில் 230 டிகிரியில் 50 நிமிடம் வைத்தேன். மூன்றாவதைத் தீயில் 6 நிமிடம் எல்லாப் பக்கமும் தோல் கறுக்கும் வரை மட்டும் காட்டி, பிறகு 200 டிகிரி ஓவனில் 25 நிமிடம் வைத்தேன். மூன்றையும் 10 நிமிடம் மூடி வைத்து உரித்தேன்.

தீயில் சுட்டதில் 300 கிராம் சதை கிடைத்தது. வடிகட்டியில் வைத்தபோது இரண்டு மேசைக்கரண்டி பழுப்பு நீர் இறங்கியது. ஓவன் காயில் 260 கிராம் சதை; வடிய ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்த காயில் 280 கிராம். வடிந்த பழுப்பு நீரைக் கொட்டும் முன் நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. கசக்காமல் புகையும் இனிப்புமாக இருந்தால் அதைக் கொத்சுவில் சேர்க்கலாம். கசந்தால் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கொத்சுவும் மறு பாதியில் யாழ்ப்பாணத்துச் சுட்ட கத்தரிக்காய் சம்பலும் செய்தேன். கொத்சுவில் புளி, மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய், வெந்தயம் எல்லாம் வறுத்துப் பொடித்து இறங்குவதால், ஓவன் காயின் வாசம் அதில் முற்றிலும் காணாமல் போனது. வேகவைத்த காயில் செய்த கொத்சுவுக்கும் அதற்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. சம்பலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி தவிர வேறு மசாலா இல்லை. அதனால் ஓவன் காயில் செய்த சம்பல் தனியாக உண்ணச் சுவையாகவே இருந்தது. தீயில் சுட்டதைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அதில் ஏதோ இல்லை என்று தெரிந்தது. மூன்றாவது காய் இரண்டிலும் நின்றது. புகை வாசத்தில் முதல் காயைவிடச் சற்றே குறைவு, பதத்தில் அதைவிட மேல்.

இந்தக் கூட்டு முறையில் வரிசையை மாற்றக்கூடாது என்பதையும் அன்றே கற்றுக்கொண்டேன். ஓவனில் முழுவதும் வெந்த பிறகு தீயில் காட்டிக் கருக்கலாம் என்று நான்காவதாக ஒரு காயை எடுத்தேன். அது அதற்குள் குழைந்து தளர்ந்திருந்ததால், இடுக்கியால் தூக்கியதும் காம்பு தனியாகக் கையோடு வந்தது, காய் பர்னரின் மேல் விழுந்தது. முதலில் தீ, பிறகு ஓவன்.

| அளவுகோல் | நேரடித் தீ | ஓவன் | இரும்புத் தோசைக்கல் | தீயும் ஓவனும் |
|---|---|---|---|---|
| சதையில் புகை வாசம் | மிகுதி | மிகக் குறைவு. கிரில் போட்டால் ஓரளவு | குறைவு | நன்று |
| சீராக வேகுதல் | கவனத்தைப் பொறுத்தது | மிக நன்று | நடுத்தரம் | மிக நன்று |
| சதையில் நீர் | அதிகம். வடிக்க வேண்டும் | குறைவு | நடுத்தரம் | குறைவு |
| அருகில் நிற்கும் நேரம் | 15 நிமிடம் | 2 நிமிடம் | 10 நிமிடம் | 6 நிமிடம் |
| மொத்த நேரம் | 15 நிமிடம் | 1 மணி | 30 நிமிடம் | 35 நிமிடம் |
| துடைக்கும் வேலை | பர்னர் | தட்டு மட்டும் | கல் மட்டும் | பர்னரில் சிறிது |

மொத்த நேரத்தில் மூடி வைக்கும் 10 நிமிடம் சேரவில்லை. கூட்டு முறையில் காய் தீயில் இருக்கும்போதே ஓவனை முன்சூடாக்கிவிடலாம். கொஞ்சம் பிந்தினாலும் காயை மூடி வைத்துக் காத்திருக்கலாம்.

## தக்காளி வேறு கணக்கு

மேலே சொன்ன வரிசை தக்காளியில் தலைகீழாகிறது. தக்காளித் தோல் மெல்லியது. தீயில் காட்டிய இரண்டாம் நிமிடத்திலேயே வெடித்து, சாறு பர்னரில் ஒழுகத் தொடங்கும். நாட்டுத் தக்காளி என்றால் பாதிச் சாறு அடுப்புக்குப் போய்விடும். தோல் மெல்லியதாக இருப்பதால் கருகி உதிரும் பொருளும் குறைவு, சதைக்குள் இறங்கும் வாசமும் குறைவு. ஒரே ஒரு தக்காளியை ரசத்துக்காகச் சுடுவதென்றால், கெட்டியான பெங்களூர்த் தக்காளியை முள்கரண்டியில் குத்தி நான்கைந்து நிமிடம் தீயில் காட்டலாம். அதற்கு மேல் தீயில் லாபமில்லை.

தக்காளியில் ஓவனின் கிரில்தான் முந்துகிறது. பாதியாக நறுக்கி, தோல் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, மேல் கம்பிக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே 10 முதல் 12 நிமிடம் வைத்தால் தோல் முழுவதும் கறுத்துச் சுருண்டு நிற்கும். விரலால் கிள்ளினாலே கழன்றுவிடும். ஒழுகிய சாறு தட்டிலேயே சுண்டி, தேன்போல் கெட்டியாகியிருக்கும். தீயில் இழக்கும் சாறு இங்கே சட்னியின் அடிச்சுவை ஆகிறது. நான்கு தக்காளிக்கு ஆறு சின்ன வெங்காயம், தோலோடு நான்கு பல் பூண்டு ஆகியவற்றையும் அதே தட்டில் போட்டுவிடலாம். காய்ந்த மிளகாயை மட்டும் கடைசி ஒரு நிமிடத்தில் சேர்க்க வேண்டும். முன்பே போட்டால் மிளகாய் கருகி, வீடு முழுவதும் இருமல்.

ஓவனோடு வரும் அலுமினியத் தட்டில் தக்காளியை நேராக வைப்பதும், அலுமினியத் தாளை விரித்து வைப்பதும் சரியில்லை. தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், தாளில் ஊசித் துளைகள் விழும். எவர்சில்வர்த் தட்டு ஒன்றை அதன் மேல் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஓவன் இல்லாதவர்களுக்குத் தோசைக்கல் இங்கே இரண்டாம் இடம் பெறுகிறது. பாதித் தக்காளியை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சில துளி எண்ணெயில் வைத்து, ஐந்து நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். அடிக்கடி புரட்டினால் சாறு விட்டு வேகுமே தவிரக் கருகாது. ஆனால் இதே புளிப்பு, பழகிய இரும்புக் கல்லில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பதத்தையும் தின்றுவிடும். மறுநாள் முதல் இரண்டு தோசை ஒட்டிக்கொண்டு கிழியும். தக்காளிக்கென்று பழைய கல் ஒன்றை ஒதுக்கிக்கொள்வது நல்லது. இயலாதவர்கள் உடனே கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி வைக்க வேண்டும்.

## எந்த உணவுக்கு எந்த வழி

கொத்சு, துவையல், காரமான வடநாட்டு பர்த்தா ஆகியவற்றில் மசாலாவை மீறிப் புகை வாசம் நிற்க வேண்டும். ஆகவே தீ, அல்லது தீயும் ஓவனும் சேர்ந்த முறை. ஒன்றிரண்டு காய் என்றால் தீ மட்டும் போதும். ஐந்தாறு பேருக்கு மூன்று நான்கு காய் சுட வேண்டியிருந்தாலோ, காய் 600 கிராமுக்கு மேல் இருந்தாலோ கூட்டு முறையே சரி. பெரிய காயைத் தீயில் மட்டும் சுட்டால் தோல் சாம்பலாகும் வரை காத்திருந்தாலும் நடுச்சதை வேகாது. ஓவன் இல்லாத வீட்டில், தோல் கறுத்ததும் காயைத் தட்டில் வைத்து இட்லிக் கொப்பரையில் 10 நிமிடம் ஆவி காட்டி அதைச் சமாளிக்கலாம். நீர் கூடுதலாக இறங்கும், வடிக்க வேண்டியிருக்கும். உரித்த பிறகுதான் பச்சை இடம் தெரிந்தது என்றால், மசித்த சதையை நல்லெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கினால் அரிப்பு போய்விடும்.

தயிர்ப் பச்சடி எனக்கு ஒரு விதிவிலக்கு. தயிரில் புகை வாசம் எளிதில் எழுந்து நிற்கிறது, சிறிது கூடினாலே தயிரைக் கசப்பாக்கிவிடுகிறது. நீர்விட்ட சதையோ பச்சடியைத் தளர்த்திவிடுகிறது. கிரில்லில் கருக்கிய ஓவன் காயின் உலர்ந்த, மென்மையான சதை அங்கே நன்றாகப் பொருந்துகிறது. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

அயல்நாட்டு அடுக்ககங்களில் மின்சார அடுப்பும் ஓவனும் மட்டும் உள்ள தமிழர்களுக்குத் தீ என்ற தேர்வே இல்லை. கிரில்லை முழுச் சூட்டில் வைத்தால் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும் என்ற கவலையும் உண்டு. காற்றை வெளியேற்றும் விசிறியை முன்பே போட்டு, காயில் எண்ணெயைக் குறைத்தால் பெரும்பாலும் தப்பலாம். சிலர் ஓவனில் வேகவைத்த சதையின் நடுவே சிறு கிண்ணத்தில் கனலும் கரித்துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் நான்கைந்து சொட்டு நெய் விட்டு மூன்று நிமிடம் மூடி வைக்கிறார்கள். வாசம் நிச்சயமாக ஏறும். ஆனால் அது கரியும் நெய்யும் சேர்ந்த வாசம். காயின் தோல் கருகிய வாசம் அன்று. பர்த்தாவில் அது எடுபடுகிறது, புளி சேர்ந்த கொத்சுவில் அந்நியமாக நிற்கிறது. கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்த துண்டைக் குப்பையில் போடும் முன் தண்ணீரில் அமிழ்த்தி, முழுதும் ஆறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.